ரவுட்டர் இல்லாத வீட்டில் போனிலிருந்து பிரிண்டருக்கு நேரடியாக

கேள்வி: எங்கள் வீட்டில் ரவுட்டர் கிடையாது, போன் டேட்டா மட்டும்தான். ஹெச்பி டெஸ்க்ஜெட் 2700 வரிசைப் பிரிண்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். போனின் வைஃபை பட்டியலில் `DIRECT` என்று தொடங்கும் பெயர் தெரிகிறது. கடவுச்சொல் கொடுத்தால் இணைகிறது. ஆனால் இணையம் இல்லை என்று சொல்லிச் சற்று நேரத்தில் விலகிவிடுகிறது, பிரிண்டும் வருவதில்லை. இதற்காக ரவுட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? மனைவியின் ஐபோனிலிருந்தும் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரிண்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. விலகிப்போவது போன்தான், அதுவும் பழுதினால் அல்ல, தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்வதால். அது ஏன் விலகுகிறது என்பது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சில நிமிட வேலை என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

`DIRECT-` என்று தொடங்கும் அந்தப் பெயரைப் பிரிண்டரே ஒலிபரப்புகிறது. வைஃபை டைரக்ட் என்ற இந்த முறைக்கு வைஃபை அலையன்ஸ் 2010 அக்டோபரில் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. அதன் விதிப்படி, இணையும் கருவிகளில் ஒன்று குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டும்; பிரிண்டர் விஷயத்தில் வழக்கமாகப் பிரிண்டரே தலைமை. தலைமை ஏற்ற கருவி `DIRECT-` என்ற சொல்லும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு, சேர வருகிற போனுக்கு ஒரு ஐபி முகவரியையும் கொடுக்கிறது. ரவுட்டர் செய்யும் வேலைகளில் பாதி இதுதான். மறுபாதி, அதாவது வெளியே இணையத்துக்கு வழிவிடுவது, பிரிண்டரிடம் இல்லை. சிக்கல் முழுவதும் அந்த இல்லாத பாதியில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போன் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் உடனே கூகுளின் ஒரு முகவரிக்கு ஒரு சிறு கோரிக்கையை அனுப்பிப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால்தான் அந்த வைஃபையைத் தன் முதன்மை வழியாக ஏற்றுக்கொள்ளும். பிரிண்டரின் வைஃபையில் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆகவே போன், இந்த வைஃபையால் பயனில்லை என்று முடிவு செய்து, மொபைல் டேட்டாவையே முதன்மை வழியாக வைத்துக்கொள்கிறது. சில போன்கள் வைஃபை சின்னத்தின் அருகே ஒரு சிறு குறியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். சில போன்கள் வைஃபையிலிருந்து வெளியேறியே விடும். வெளியேறாமல் இருந்தாலும் ஆபத்து உண்டு: பிரிண்டருக்குப் போக வேண்டிய கோப்பு மொபைல் டேட்டா வழியாகக் கிளம்பி, அங்கே அந்த முகவரியில் யாரும் இல்லாததால் எங்கும் சேராமல் போகும். பட்டியலில் பிரிண்டரின் பெயர் தெரிந்தும் வேலை நகராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பெயரைக் கண்டுபிடிக்கும் செய்தி வைஃபையிலேயே உலவுகிறது. கோப்பு அனுப்பும் செய்தி போன் முதன்மை என்று நினைக்கிற வழியில் போய்விடுகிறது.

எனவே அச்சிடும் அந்தச் சில நிமிடங்களுக்கு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவதே கடவுச்சொல் கொடுத்து இணையும் வழிக்கு என் பரிந்துரை. விமானப் பயன்முறையை இட்டு, பிறகு வைஃபையை மட்டும் இயக்கினாலும் அதே பலன்தான், ஆனால் அந்நேரம் அழைப்பு எதுவும் வராது. போனுக்கு வேறு வழியே இல்லாதபோது, இருக்கிற ஒரே வழியை அது பயன்படுத்தும். இதில் ஒரு முன்னேற்பாடு தேவை: அச்சிட வேண்டிய கோப்பு ஏற்கெனவே போனுக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் என்றால் திறந்து பதிவிறங்கியிருக்க வேண்டும். கூகுள் டிரைவில் உள்ளது என்றால் பெயர் தெரிவது போதாது, `Download` கொடுத்துப் போனின் கோப்புகளுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். பிரிண்டரோடு இணைந்த பிறகு கோப்பைத் தேடுபவர்கள்தான் அதிகம், அங்கே மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப இணைத்துத் துண்டித்துக்கொண்டிருப்பார்கள்.

இனி உங்கள் பிரிண்டரில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். 2700 வரிசையில் சிறிய `i` எழுத்துள்ள தகவல் பொத்தான் இருக்கும். தாள் வைத்துவிட்டு அதை ஒருமுறை அழுத்தினால் ஒரு தகவல் பக்கம் அச்சாகும். அதில் வைஃபை டைரக்ட் இயக்கத்தில் உள்ளதா, அதன் முழுப்பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்பவை இருக்கும். பெயர் `DIRECT-` என்று தொடங்கி, இரண்டு எழுத்துகளுக்குப் பின் `HP DeskJet` என்று தொடரும். கடவுச்சொல் யாரும் மாற்றாத வரை பல ஹெச்பி மாடல்களில் `12345678` என்றே இருக்கும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் பிரிண்டரின் அடியிலேயே மடித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மை தீர்ந்த நாளில் இதை மறுபடி அச்சிட முடியாது.

இங்கே இரண்டு குழப்பங்கள் வழக்கமாக வருகின்றன. ஒன்று, வைஃபை விளக்கு நீலத்தில் மினுக்கிக்கொண்டே இருக்கும். ரவுட்டரைக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கான மினுக்கல் அது. உங்கள் வீட்டில் ரவுட்டரே இல்லாததால் அது அப்படித்தான் இருக்கும், வைஃபை டைரக்ட் அதனால் பாதிக்கப்படுவதில்லை. மினுக்கலை நிறுத்துவதற்காக வைஃபை பொத்தானை அழுத்தி வைஃபையை அணைத்துவிட்டால்தான் உண்மையான சிக்கல் தொடங்கும். இன்னொன்று, புதுப் பிரிண்டரை முதலில் இயக்கியதும் போனில் `HP-Setup` என்று தொடங்கும் ஒரு பெயர் தெரியலாம். அது ரவுட்டரின் விவரத்தைப் பிரிண்டருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான தற்காலிக வாசல், சுமார் இரண்டு மணி நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். நமக்கு வேண்டியது அது அல்ல, `DIRECT-` என்று தொடங்குவதுதான்.

ஒரு வேலையை முழுமையாகச் செய்து பார்ப்போம். இணையத்தில் எடுத்த இரண்டு பக்கப் பட்டா நகல் பிடிஎஃப் ஆக ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கோப்பைத் திறந்து இரண்டு பக்கங்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அடுத்து மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபை பட்டியலில் தகவல் தாளில் உள்ள அதே பெயரைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். சில விநாடிகளில், இந்த வைஃபையில் இணையம் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா என்று போன் கேட்கும். சில போன்களில் இது திரையின் நடுவே வரும், சிலவற்றில் மேலே அறிவிப்பாக ஒளிந்திருக்கும், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் ஆம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Don't ask again for this network` என்ற கட்டம் இருந்தால் அதையும் குறியிட்டுவிடுங்கள். நீங்கள் சந்திக்கும் துண்டிப்பு பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததால் வருவது. பதில் சொல்லியும் வெளியேறினால், வைஃபை அமைப்புகளின் உள்ளே `Switch to mobile data` என்றோ அதையொத்த பெயரிலோ ஒரு தேர்வு இருக்கும். வைஃபை சரியில்லை என்று தோன்றினால் போன் தானே மாறிக்கொள்ளும் வசதி அது, அதை அணைத்துவிடுங்கள்.

அச்சிடும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். யார் வந்து பிரிண்ட் வரவில்லை என்றாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போனின் உலாவியைத் திறந்து முகவரிக் கட்டத்தில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
http://192.168.223.1
```

வைஃபை டைரக்டில் ஹெச்பி பிரிண்டர்கள் தமக்கு வைத்துக்கொள்ளும் முகவரி இது. வேறு நிறுவனப் பிரிண்டராக இருந்தால், இணைந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து `Gateway` என்று எழுதியுள்ள இடத்தில் வரும் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். குழுவின் தலைமை பிரிண்டர்தான் என்பதால் அங்கே வருவது அதன் முகவரியாகவே இருக்கும். `Your connection is not private` என்ற எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். பிரிண்டர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை உலாவி ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். `Advanced` என்பதைத் தொட்டுத் தொடர்ந்து செல்லலாம். பிரிண்டரின் மாடல் பெயரும் மையின் அளவும் காட்டும் ஒரு பக்கம் திறந்தால், வைஃபை இணைப்பு நூற்றுக்கு நூறு சரி. இனி வரும் சிக்கல் எதுவானாலும் போனின் அச்சிடும் சேவையில்தான். பக்கம் திறக்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் இணைப்பிலேயே கோளாறு. அச்சிடும் செயலியை நீக்கிப் புதிதாக நிறுவுவதால் எந்தப் பயனும் இல்லை. இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி நோண்டுவதில்தான் மக்களின் பாதி ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

பக்கம் திறந்துவிட்டது என்றால் பிடிஎஃப் கோப்புக்குத் திரும்பி, மூன்று புள்ளிப் பட்டியலில் `Print` என்பதைத் தொடுங்கள். மேலே பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்கள் பிரிண்டரின் பெயர் வர வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் `Default Print Service` என்ற அச்சிடும் சேவை போனோடு சேர்ந்தே வருகிறது. அது இல்லாத அல்லது சரியாக ஓடாத போன்களில் மொப்ரியா பிரிண்ட் சர்வீஸ் என்ற இலவசச் செயலியை நிறுவிக்கொள்ளலாம். கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 2013இல் தொடங்கிய கூட்டமைப்பின் செயலி அது. எந்த நிறுவனப் பிரிண்டரானாலும், மொப்ரியா சான்று பெற்றதாக இருந்தால் தனி டிரைவர் கேட்காது. நிறுவனத்தின் சொந்தச் செயலிதான் வேண்டும் என்பதில்லை. அந்தச் செயலிகள் சில, உள்ளே நுழைவதற்கே இணையக் கணக்கு கேட்கும். இணையமே இல்லாத வைஃபையில் இருந்துகொண்டு அந்தத் திரையைப் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். ஸ்கேன் செய்வதற்கு அது தேவைப்பட்டால், டேட்டா இருக்கும்போதே நிறுவி, கணக்கிலும் நுழைந்து வைத்துவிடுங்கள்.

பெயர் பட்டியலில் வரவில்லை, ஆனால் உலாவியில் பக்கம் திறக்கிறது என்றால், அச்சிடும் சேவையின் அமைப்பில் `Add printer` என்பதன் கீழ் ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வழி உண்டு. அதில் `192.168.223.1` என்று கொடுத்தால் தேடும் படியைத் தாண்டிவிடலாம். விளம்பரத் தடுப்புக்காகவோ வேறு எதற்காகவோ விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். உள்வீட்டுப் போக்குவரத்தையும் தன் வழியாக இழுத்துக்கொள்ளும் விபிஎன்கள் இருக்கின்றன.

`Print` திரையில் இன்னும் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவிடுங்கள்: தாளின் அளவு. சில போன்களில் அது `Letter` என்று இருக்கும். நம் ஊரில் பிரிண்டரில் இருப்பது ஏ4 தாள். இரண்டும் பொருந்தாதபோது சில பிரிண்டர்கள் பக்கத்தின் ஓரத்தை வெட்டிவிடும், சில தாள் அளவு தவறு என்று விளக்கைக் காட்டி நின்றுவிடும். திரையே இல்லாத பிரிண்டரில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியாது. `ISO A4` என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அச்சிடும் பொத்தானைத் தொட்ட பிறகு முதல் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். பிடிஎஃப் அப்படியே பிரிண்டருக்குப் போவதில்லை. இந்த விலை வரிசைப் பிரிண்டர்களுக்குப் பெரும்பாலும் போனே ஒவ்வொரு பக்கத்தையும் படமாக வரைந்து, சுருக்கி அனுப்புகிறது. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் வண்ணத்தில் வரைந்தால் 2480 x 3508 புள்ளிகள், சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 26 எம்பி. பட்டா நகலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஸ்கேன் செய்த நாற்பது பக்கப் புத்தகத்தை ஒரே மூச்சில் அனுப்பினால், நினைவகம் குறைந்த போன் நடுவழியில் மூச்சு வாங்கும். பத்துப் பத்துப் பக்கமாக அனுப்புங்கள். இன்னொன்று, வேலை ஓடும்போது திரை அணைந்து போன் உறக்கத்துக்குப் போனால் சில போன்கள் இணையம் இல்லாத வைஃபையைக் கைவிட்டுவிடும். தாள் பாதியில் நின்று, பிரிண்டர் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசிப் பக்கம் வெளியே வரும் வரை திரையைத் தொட்டு விழிப்பாக வைத்திருப்பது எளிய மருந்து.

இதுவரை சொன்னது பிரிண்டரைச் சாதாரண வைஃபை போலப் பாவித்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் வழி. ஆண்ட்ராய்டு போன்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு, உண்மையில் வைஃபை டைரக்ட் என்பது அதுதான். வைஃபை அமைப்புகளின் உள்ளே `Wi-Fi Direct` என்று தனிப் பகுதி இருக்கும். அல்லது `Default Print Service`இன் `Add printer` திரையிலேயே வைஃபை டைரக்ட் பிரிண்டர்கள் என்று ஒரு பிரிவு வரும். அங்கே பிரிண்டரைத் தொட்டால் போனும் பிரிண்டரும் தமக்குள் சாவியைப் பரிமாறிக்கொள்கின்றன. நீங்கள் கடவுச்சொல் எதுவும் தட்டச்சு செய்வதில்லை. பதிலுக்குப் பிரிண்டர், இந்தப் போனை அனுமதிக்கலாமா என்று கேட்கும். திரை உள்ள பிரிண்டரில் கேள்வி திரையில் வரும். பொத்தான் மட்டும் உள்ள பிரிண்டரில் ஒரு பொத்தானின் விளக்கு மினுக்கும், அதை உடனே அழுத்த வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் வாய்ப்பு போய்விடும், மறுபடி தொடங்க வேண்டியதுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு பிரிண்டரின் பக்கத்திலேயே நின்று செய்வது நல்லது.

இந்த வாசலின் பெரிய நன்மை, இணையம் போகாது என்பதே. நேரடி இணைப்பைப் போன் தன் முதன்மை வழியாகக் கருதுவதே இல்லை; பக்கத்தில் தனியாகப் போட்ட ஒரு கம்பி போல வைத்துக்கொள்கிறது. மொபைல் டேட்டா ஓடிக்கொண்டே இருக்கும், வாட்ஸ்அப்பும் வந்துகொண்டிருக்கும், பிரிண்டும் போகும். ஆகவே ஆண்ட்ராய்டில் இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். குறை என்னவென்றால், போனுக்குப் போன் இதன் நடத்தை மாறும். சில போன்களில் பிரிண்டர் பட்டியலிலேயே வராது. அப்படி வராதபோது அனுமதியைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டு 12 வரை அச்சிடும் சேவைக்கு இருப்பிட அனுமதி இருந்து, இருப்பிடமும் இயக்கத்தில் இருந்தால்தான் அக்கம்பக்கத்து வைஃபை டைரக்ட் கருவிகளைத் தேட முடியும், 13 முதல் அதற்கென்று `Nearby devices` என்ற தனி அனுமதி வந்துவிட்டது. பிரிண்டருக்கு என் இருப்பிடம் எதற்கு என்று சந்தேகப்பட்டு மறுத்தவர்கள் பலர். கேள்வி நியாயமானதுதான், ஆனால் மறுத்தால் பட்டியல் காலியாகவே இருக்கும். அனுமதியும் சரியாக இருந்து இரண்டு மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், முதலில் சொன்ன கடவுச்சொல் வழிக்கே வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் ஐபோனில் இந்த இரண்டாவது வாசல் கிடையாது. கடவுச்சொல் வழி ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு வழி ஐபோனில் ஆண்ட்ராய்டைவிடச் சிரமமின்றி ஓடுகிறது என்பதே என் அனுபவம். `Settings`இல் `Wi-Fi` சென்று அதே `DIRECT-` பெயரைத் தொட்டுக் கடவுச்சொல் கொடுத்தால் இணைந்துகொள்ளும். பெயரின் கீழே `No Internet Connection` என்று காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு கோப்பைத் திறந்து, பகிர்வுச் சின்னத்தைத் தொட்டு, கீழே தள்ளி `Print` என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏர்பிரிண்ட் வழியாகப் பிரிண்டரின் பெயர் தானே வரும். தனிச் செயலி எதுவும் வேண்டாம். இணைப்பைச் சோதிக்க வேண்டுமானால் வைஃபை பெயரின் அருகிலுள்ள வட்டமிட்ட `i`யைத் தொடுங்கள். அங்கே `Router` என்ற தலைப்பின் எதிரே `192.168.223.1` என்று இருக்கும். ரவுட்டரே இல்லாத வீட்டில் ஐபோன் பிரிண்டரை ரவுட்டர் என்று அழைக்கும் இடம் அது.

அதே திரையில் உள்ள `IP Address` வரியையும் பாருங்கள். `192.168.223.` என்று தொடங்கினால் பிரிண்டர் முகவரி கொடுத்துவிட்டது என்று பொருள். `169.254.` என்று தொடங்கினால், போன் முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்துப் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் இதே நிலை, ஐபி முகவரி பெற முடியவில்லை என்ற செய்தியாக வரும். பிரிண்டரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால், எத்தனை போன்கள் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஹெச்பியில் ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள்தான் இணைய முடியும். விருந்தினர் வந்த நாளில் ஒவ்வொருவரும் ஒருமுறை பிரிண்ட் எடுத்துவிட்டு வைஃபையை விடாமல் வைத்திருந்தால் ஆறாவது ஆளுக்கு இடம் இருக்காது.

இப்போது அந்த `12345678`. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் நண்பரின் அறையில் இருந்து மூன்று பக்க ஒப்பந்தம் ஒன்றை அச்சிட வேண்டியிருந்தது. பட்டியலில் `DIRECT-` என்று தொடங்கி ஒரே மாடல் பெயரில் முடியும் இரண்டு பெயர்கள் இருந்தன, நடுவில் உள்ள இரண்டு எழுத்துகள் மட்டும் வேறு. நான் அவசரத்தில் முதலாவதைத் தொட்டேன், கடவுச்சொல் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது, வேலையும் முடிந்ததாகப் போன் சொன்னது, எதிரே இருந்த பிரிண்டர் மட்டும் அசையவில்லை. பத்து நிமிடம் அதை அணைத்து இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து ஒருவர் மூன்று தாள்களோடு வந்து, இது உங்களுடையதா என்று கேட்டார். இரண்டு பிரிண்டர்களிலும் கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை. நல்லவேளை, அவர் நல்ல மனிதர். ஒப்பந்தத்தில் தொகையும் இருந்தது.

ஆகவே அந்த இரண்டு எழுத்துகளைத் தகவல் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொடுங்கள். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். சோதனைக்குத் திறந்த அதே `192.168.223.1` பக்கத்தில் நெட்வொர்க் பகுதியின் கீழே `Wi-Fi Direct` அமைப்பு இருக்கும். மாற்றத்தைச் சேமிக்கும்போது சில மாடல்கள் ஒரு பின் எண் கேட்கும். மைக்குப்பி வைக்கும் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் அது இருக்கும். சேமித்த அடுத்த நொடி உங்கள் போன் துண்டிக்கப்படும், அது இயல்பு. ஆனால் போன் பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, இணைய முடியவில்லை என்று மட்டும் சொல்லும், புதியதைக் கேட்காது. இரண்டு போன்களிலும் அந்த வைஃபையைத் தொட்டு `Forget` கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

இந்த முறையால் ஆகாதவை சில உண்டு, வாங்கிய பிறகு தெரிந்து ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பிரிண்டருக்கு இணையம் கிடைக்காததால் அதன் உள்மென்பொருள் புதுப்பிப்பு வராது, வெளியூரிலிருந்து மின்னஞ்சல் வழியாக அச்சிட முடியாது. மாதச் சந்தாவில் மை அனுப்பும் திட்டங்களிலும், இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு சேரும் ஹெச்பி பிளஸ் திட்டத்திலும் சேராதீர்கள். சேர்ந்துவிட்டால் பிரிண்டர் இணையம் கேட்கத் தொடங்கும், பிறகு வைஃபை டைரக்ட் மட்டும் போதாது. எப்போதாவது பிரிண்டருக்கு இணையம் தேவைப்பட்டால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்து அதில் பிரிண்டரைச் சேர்க்கலாம்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒன்று செய்யுங்கள். இரண்டு போன்களிலும் அந்த `DIRECT-` வைஃபையின் விவரத்தைத் திறந்து, ஆண்ட்ராய்டில் `Auto-connect` அல்லது அதையொத்த தேர்வையும், ஐபோனில் `Auto-Join` என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரிண்டர் இயக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இணைப்பில் இரு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் இப்போது கேள்வியும் கேட்காது. செய்திகள் ஏன் வரவில்லை என்று மறுநாள் காலையில் சிம் கார்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.